மணிக்கு 12 வெள்ளி, வாரத்துக்கு 16 மணி நேரம்: கையில் சேரும் ரூபாய் எவ்வளவு?

தஞ்சாவூரிலிருந்து அண்ணன் தொலைபேசியில் கேட்ட கேள்வி எளிமையானதாகத்தான் இருந்தது. அவருடைய மகன் சிங்கப்பூரில் பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆகஸ்ட் மாதம் வரவிருந்தான். படிக்கும்போதே பகுதிநேர வேலை பார்த்தால் மாதம் எவ்வளவு கிடைக்கும், அதில் கல்விக் கடனுக்கான வட்டியைக் கட்டிவிட முடியுமா என்பதுதான் அவர் அறிய விரும்பியது. யாரோ அவருக்கு மூன்று எண்களைக் கொடுத்திருந்தார்கள். மணிக்கு 12 சிங்கப்பூர் வெள்ளி, வாரத்துக்கு 16 மணி நேரம், வரி 15 விழுக்காடு. ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டு அவரே ஒரு தொகையைப் போட்டும் வைத்திருந்தார். நாணய மாற்று விகிதம் நாளுக்கு நாள் மாறுவது என்பதால், இந்தக் கட்டுரை முழுவதும் அந்த 65 ரூபாயையே ஓர் அனுமானமாக வைத்துக்கொள்கிறேன்.

கணக்கின் வடிவத்தில் சிக்கல் எதுவும் இல்லை. மணிக்கூலியை வார மணி நேரத்தால் பெருக்கினால் வார வருமானம் வரும். அதை மாத வருமானமாக்கி, வரியைக் கழித்து, நாணய விகிதத்தால் பெருக்கினால் ரூபாய் வரும். விரிதாளில் மணிக்கூலி, வார மணி நேரம், வரி, நாணய விகிதம் ஆகிய நான்கையும் இரண்டாம் வரிசையின் முதல் நான்கு கட்டங்களில் இட்டால் சூத்திரம் இப்படி அமையும்:

```
=A2*B2*52/12*(1-C2)*D2
```

வரிக்கான கட்டத்தில் 15% என்றோ 0.15 என்றோ இட வேண்டும். வெறும் 15 என்று இட்டுவிட்டால், ஒன்றிலிருந்து பதினைந்தைக் கழித்து, மாதம் ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் நட்டம் என்று விரிதாள் காட்டும். இந்தப் பிழை தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடுவதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியவை, நம்பத்தக்க விடையைத் தந்துகொண்டே தவறாக இருக்கும் பிழைகள்.

அவற்றுள் முதலாவது மாதத்துக்கு எத்தனை வாரம் என்பது. அண்ணன் நான்கால் பெருக்கியிருந்தார். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். வாரத்துக்கு 192 வெள்ளி என்றால் நான்கு வாரத்துக்கு 768 வெள்ளி. ஆனால் மிகச் சரியாக நான்கு வாரம் உடைய மாதம் 28 நாள் கொண்ட பிப்ரவரி மட்டுமே. ஆண்டின் 52 வாரங்களைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதத்துக்கு 4.33 வாரம் வரும். அதன்படி மாத வருமானம் 832 வெள்ளி. நான்கால் பெருக்குகிறவர் ஆண்டுக்கு 48 வாரம் மட்டுமே உண்டு என்று தம்மை அறியாமலேயே சொல்லிவிடுகிறார். விடுபடுகிற நான்கு வாரத்தின் சம்பளம் முழுசாக 768 வெள்ளி, அதாவது ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய். 832 வெள்ளியில் 15 விழுக்காடு வரி 124.80 வெள்ளி. எஞ்சும் 707.20 வெள்ளியை 65 ரூபாயால் பெருக்கினால் 45,968 ரூபாய். கொடுத்த எண்களுக்கு இதுவே சரியான விடை. கொடுத்த எண்கள் சிங்கப்பூருக்குப் பொருந்துகின்றனவா என்பது வேறு கேள்வி.

மூன்று எண்களில் மிகப் பெரிய தவறு வரியில் இருப்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பல நாடுகளில் முதலாளி ஒவ்வொரு மாதமும் வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியையே தருகிறார். வெளிநாட்டு மாணவர் வருமானத்தைப் பற்றிய கணக்குகளில் ‘நிலையான வரி விழுக்காடு’ என்ற பதம் வருவது அந்த வழக்கத்திலிருந்துதான். சிங்கப்பூரில் ஊழியரின் மாதச் சம்பளத்திலிருந்து வருமான வரியைப் பிடிக்கும் முறை இல்லை. இவ்வாண்டு ஈட்டியதற்கு அடுத்த ஆண்டில் உள்நாட்டு வருவாய் ஆணையம் வரியை மதிப்பிட்டு, செலுத்த வேண்டிய தொகையை அறிவிக்கும். அதை ஊழியரே கட்ட வேண்டும். வெளிநாட்டவர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு நாட்டைவிட்டே போகும்போது, அவருடைய வரிக்கணக்கு முடியும்வரை முதலாளி கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பதுண்டு. அது மாதாந்தரப் பிடித்தம் ஆகாது. எனவே 832 வெள்ளிக்கு வேலை செய்த மாணவரின் வங்கிக் கணக்கில் 832 வெள்ளியே வர வேண்டும். மத்திய சேம நிதிக்கான சந்தா குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. இங்கே தங்கிப் படிப்பதற்கான அனுமதியான மாணவர் அட்டையில் இருக்கும் வெளிநாட்டவருக்கு அந்தப் பிடித்தமும் கிடையாது. சம்பளச் சீட்டில் வரி என்றோ சேம நிதி என்றோ ஒரு கழிவு தென்பட்டால், அது எதற்காக என்று அன்றே கேட்டுவிடுவது நல்லது. 2016 ஏப்ரல் முதல் விவரங்கள் பிரித்துக் காட்டப்பட்ட சம்பளச் சீட்டை ஊழியருக்குத் தருவது முதலாளிகளின் சட்டக் கடமையாக இருப்பதால், அதைக் கேட்டுப் பெறுவதில் தயங்க வேண்டியதில்லை.

அப்படியானால் 15 விழுக்காடு எங்கிருந்து வந்தது? அது கற்பனை எண் அன்று. வரிச் சட்டத்தின் கண்ணோட்டத்தில் குடியிருப்பாளர் அல்லாத ஒருவர் சிங்கப்பூரில் ஈட்டும் வேலை வருமானத்துக்கு 15 விழுக்காடு, அல்லது குடியிருப்பாளருக்குரிய படிநிலை விகிதம், இவற்றில் எது அதிக வரியைத் தருகிறதோ அது விதிக்கப்படும். ஆனால் இங்கே ‘குடியிருப்பாளர்’ என்பது குடியுரிமையையோ நிரந்தரவாசத் தகுதியையோ குறிக்கும் சொல் அல்ல. ஒரு நாட்காட்டி ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ சிங்கப்பூரில் இருந்த வெளிநாட்டவரும் அந்த ஆண்டுக்கு வரிக்குரிய குடியிருப்பாளர்தான். அவருக்கு முதல் 20,000 வெள்ளி வருமானத்துக்கு வரி விகிதம் பூஜ்யம். அதற்கு அடுத்த 10,000 வெள்ளிக்கு 2 விழுக்காடு.

மாதம் 832 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 9,984 வெள்ளி. இது 20,000 வெள்ளியில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆண்டு முழுவதும் இங்கே படிக்கும் மாணவர் இந்தத் தொகைக்குக் கட்ட வேண்டிய வருமான வரி எதுவும் இல்லை. விடுமுறைக்கு ஆறு வாரம் ஊருக்குப் போய்வந்தாலும் 323 நாள் இங்கே இருந்திருப்பார். 183 என்ற எல்லையை அது எளிதில் தாண்டிவிடுகிறது. ஆகவே சூத்திரத்தில் வரிக்கான கட்டத்தில் பூஜ்யத்தை இட வேண்டும். மாத வருமானம் 45,968 ரூபாயிலிருந்து 54,080 ரூபாயாக உயர்கிறது. ஒரே ஒரு கட்டத்தைத் திருத்தியதில் ஆண்டுக்கு 97,344 ரூபாய் வேறுபாடு.

ஆனால் இந்தப் பூஜ்யத்தை முதல் ஆண்டுக்கும் அப்படியே எழுதிவிட முடியாது. ஆகஸ்ட் முதல் நாள் வந்திறங்கும் மாணவருக்கு அந்த நாட்காட்டி ஆண்டில் மிஞ்சியிருப்பது 153 நாள்தான். கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது, வரியாண்டோ ஜனவரியில் தொடங்குகிறது; இரண்டும் ஒத்துப்போகாத இந்த ஐந்து மாதத்தில் மட்டும் 15 விழுக்காடு என்ற எண்ணுக்கு உயிர் வருகிறது. அண்ணன் மகன் செப்டம்பரில் வேலையில் சேர்ந்து, ஆண்டு முடிவதற்குள் 14 வாரம் வேலை பார்த்தான் என்று கொள்வோம். வாரத்துக்கு 192 வெள்ளி வீதம் 2,688 வெள்ளி ஈட்டியிருப்பான். அதில் 15 விழுக்காடு 403.20 வெள்ளி. அந்த நாட்காட்டி ஆண்டில் மொத்த வேலைக்காலமே 60 நாளுக்கு உட்பட்டிருந்தால் குறுகியகால வேலை என்ற வகையில் வரிவிலக்கு உண்டு. 14 வாரம் அந்த எல்லைக்குள் அடங்காது. இடைவெளி இல்லாத வேலை இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் பரவியிருந்து, இங்கே இருந்த காலம் மொத்தமாக 183 நாளை எட்டினால், இரண்டு ஆண்டுகளுக்குமே குடியிருப்பாளராகக் கருதும் சலுகை ஒன்றும் இருக்கிறது. அது தனக்குக் கிடைக்குமா என்பதை வருவாய் ஆணையத்தின் மதிப்பீட்டுக் கடிதம் வந்த பிறகே ஒருவர் உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை அந்த 403 வெள்ளியைத் தொடாமல் தனியாக வைத்திருப்பதே முறை. ஆண்டு முழுவதும் மாதத்துக்கு 125 வெள்ளியைக் கழிப்பதற்கும், முதல் ஐந்து மாத வருமானத்தில் ஒருமுறை 403 வெள்ளியை ஒதுக்கி வைப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

அடுத்தது மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள், தனியாக வேலை அனுமதிச் சீட்டு எடுக்காமலேயே வகுப்புகள் நடக்கும் கல்விப் பருவ காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை வேலை பார்க்க மனிதவள அமைச்சு இடமளிக்கிறது; விடுமுறைக் காலத்தில் முழுநேரமும் பார்க்கலாம். அமைச்சின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத தனியார் கல்வி நிலையங்களில் சேர்ந்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்களுடைய கணக்கில் மணி நேரத்துக்கான கட்டத்தில் பூஜ்யம்தான் வரும்; சேர்வதற்கு முன்பே கல்வி நிலையத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளாமல் வந்துவிட்டு இங்கே தவித்த பிள்ளைகள் உண்டு. பட்டியலில் உள்ளவர்களுக்கும் 16 என்பது ஒவ்வொரு வாரத்துக்குமான உச்சவரம்பு. ஒரு வாரம் 22 மணி நேரம் பார்த்துவிட்டு மறு வாரம் 10 மணி நேரத்தோடு நிறுத்திச் சராசரியைச் சரிக்கட்டுவது விதிக்குள் அடங்காது; மீறினால் மாணவர் அட்டைக்கே ஆபத்து.

உச்சவரம்பைச் சராசரியாக எடுத்துக்கொள்வதுதான் அண்ணனின் கணக்கில் இரண்டாவது பெரிய தவறு. 16 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்ற அனுமதி, ஆண்டின் 52 வாரமும் 16 மணி நேரம் வேலை கிடைக்கும் என்ற உறுதி ஆகாது. இங்குள்ள பல்கலைக்கழக ஆண்டைப் பொதுவாக 17 வாரம் கொண்ட இரண்டு பருவங்களாகவும், மீதி 18 வாரத்தை விடுமுறையாகவும் வைத்துக் கணக்கிடலாம். ஒவ்வொரு பருவத்தின் கடைசி மூன்று வாரம் தேர்வுக்கும் அதற்கான படிப்புக்கும் போய்விடும். அப்போது வேலைக்குப் போகிற மாணவரை நான் அதிகம் கண்டதில்லை. இந்த ஆறு வாரத்தை 34 வாரத்திலிருந்து கழித்தால் 28 வாரம். வாரத்துக்கு 16 மணி நேரம் வீதம் 448 மணி நேரம். மணிக்கு 12 வெள்ளி என்றால் 5,376 வெள்ளி. விடுமுறை முழுவதையும் ஊரில் கழிக்கிற மாணவருக்கு ஆண்டு வருமானம் இவ்வளவுதான். மாதச் சராசரி 448 வெள்ளி, அதாவது 29,120 ரூபாய். வரியே இல்லாமல் கணக்கிட்ட பிறகும், அண்ணன் போட்டு வைத்திருந்த தொகையைவிட இது மிகக் குறைவு.

விடுமுறையில் ஆறு வாரம் மட்டும் ஊருக்குப் போய்விட்டு, மீதி 12 வாரம் இங்கே தங்கி வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை பார்த்தால் நிலைமை மாறிவிடுகிறது. 360 மணி நேரத்துக்கு 4,320 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கும். ஆண்டுக்கு மொத்தம் 808 மணி நேரம், 9,696 வெள்ளி. மாதச் சராசரியும் 808 வெள்ளிதான். மணிக்கூலியும் மாத எண்ணிக்கையும் இரண்டுமே பன்னிரண்டாக இருப்பதால் நேர்ந்த ஒற்றுமை அது. ரூபாயில் 52,520. ஆக, விரிதாள் சொன்ன 54,080 ரூபாய்க்கு அருகே வந்துவிடுகிறோம், ஆனால் வேறு பாதையில். பருவ காலத்து 16 மணி நேரம் அந்தத் தொகையைத் தனியாகத் தருவதில்லை. விடுமுறை உழைப்பு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கைத் தாங்குகிறது.

சம்பளம் கணக்கிடப்படும் மணி நேரமும், வேலையிடத்தில் இருக்கும் மணி நேரமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உணவகத்தின் பணி அட்டவணையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எட்டு எட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கான ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் இல்லாமல் போகலாம். ஓய்வு இடைவேளைக்குச் சம்பளம் தருவது முதலாளியின் கட்டாயம் அல்ல. அப்போது 192 வெள்ளி 168 வெள்ளியாகிவிடும். குறைவு பன்னிரண்டரை விழுக்காடு. இல்லாத 15 விழுக்காடு வரியைப் பற்றி வீட்டில் அத்தனை பேச்சு நடக்கிறது. ஏறக்குறைய அதே அளவை எடுத்துக்கொள்ளும் சாப்பாட்டு இடைவேளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வேலையில் சேரும்போது ‘இடைவேளைக்குச் சம்பளம் உண்டா’ என்று கேட்டுக்கொள்வதும், நான்கு மணி நேரப் பணிகளாகப் பிரித்து எடுத்துக்கொள்வதும் இதற்கான வழிகள்.

மணிக்கூலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிங்கப்பூரில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கிடையாது. 2024 ஜூலையில் பகுதிநேர ஊழியருக்கு மணிக்கு 10.50 வெள்ளி என்று உயர்த்தப்பட்ட வரம்பு, வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் தம் உள்நாட்டு ஊழியர்களுக்குத் தர வேண்டியதைப் பற்றியது. வெளிநாட்டு மாணவருக்கு அது சட்டப் பாதுகாப்பு ஆகாது. ஆகவே 12 வெள்ளி என்பது பேசி முடிவு செய்யப்படும் தொகை. பருவ காலத்தில் மணி நேரத்தைக் கூட்ட வழியில்லாததால், அப்போது வருமானத்தைக் கூட்டக்கூடியது கூலி ஒன்றுதான். மாதம் 60,000 ரூபாய் வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், அதை 65ஆல் வகுத்து வரும் 923 வெள்ளியை வாரம் தவறாமல் 16 மணி நேரம் பார்த்தால் மாதத்துக்கு வரும் 69.33 மணி நேரத்தால் வகுத்துப் பார்க்கட்டும், மணிக்கு 13.31 வெள்ளி தரும் வேலை கிடைத்தால்தான் அது நடக்கும்.

இனி ரூபாய். சிராங்கூன் சாலையில் நாணய மாற்றுக் கடைகளின் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பவருக்குத் தெரியும், வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றாக இருப்பதில்லை. செய்தியில் சொல்லப்படும் விகிதம் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். பணம் அனுப்புகிறவருக்குக் கிடைப்பது அதைவிடச் சற்றுக் குறைவு, அதோடு சேவைக் கட்டணமும் சேரலாம். செய்தியில் 65 ரூபாயாக இருக்கும் நாளில் கடைக்காரர் 64.60 ரூபாய் தந்து, ஐந்து வெள்ளி கட்டணமும் எடுக்கிறார் என்று கொள்வோம். 300 வெள்ளி கொடுத்தால் 295 வெள்ளி மட்டுமே மாறும். ஊரில் சேர்வது 19,057 ரூபாய். தாளில் போட்ட கணக்கோ 19,500 ரூபாய் என்றிருக்கும். விழுக்காடாகக் கழியும் வரியை வெள்ளியில் கழித்தாலும் ரூபாயில் கழித்தாலும் விடை ஒன்றே. ஆனால் கட்டணம் நிலையான தொகை என்பதால், மாதம் நான்கு முறை சிறுகச் சிறுக அனுப்புகிறவர் நான்கு மடங்கு இழக்கிறார். 2023 பிப்ரவரி முதல் இங்குள்ள பேநவ் பணப் பரிமாற்றக் கட்டமைப்பும் இந்தியாவின் யுபிஐ கட்டமைப்பும் இணைக்கப்பட்டிருப்பதால் அந்த வழியும் இருக்கிறது. எந்த வழியில் அனுப்பினாலும், ஒப்பிட வேண்டியது ஊரில் கடைசியாக எத்தனை ரூபாய் சேர்கிறது என்ற ஒன்றை மட்டுமே.

இதைவிட முக்கியமானது, அனுப்பாத பணத்தை ரூபாயில் எண்ணுவது. 54,080 ரூபாய் என்று கேட்டதும் தஞ்சாவூர் வீட்டில் அது தஞ்சாவூர் விலைவாசியில் அளக்கப்படுகிறது. இங்கே காப்பிக்கடையில் ஒருவேளைச் சாப்பாடு ஐந்து வெள்ளி என்றால், அதே கணக்கில் அது 325 ரூபாய்ச் சாப்பாடு. வருமானத்தை ரூபாயிலும் செலவை வெள்ளியிலும் எண்ணுகிற குடும்பங்களில்தான், பிள்ளை பணத்தை என்ன செய்கிறான் என்ற மனத்தாங்கல் வருகிறது. வாடகை, உணவு, போக்குவரத்து எல்லாவற்றையும் வெள்ளியிலேயே கழித்துவிட்டு, மிஞ்சி ஊருக்குப் போகும் தொகையை மட்டும் ரூபாயாக்குவதே பொருளுள்ள கணக்கு.

அண்ணனுக்கு உண்மையில் தேவைப்பட்டது மாதம் 15,000 ரூபாய் வட்டி. மேற்சொன்ன கடைக்காரரிடம் அதற்கு 237.20 வெள்ளி ஆகும். மாதச் சராசரி 808 வெள்ளியில் 237 வெள்ளி எளிதாகத் தோன்றும். ஆனால் சராசரி எந்த மாதத்திலும் சம்பளமாக வருவதில்லை. நவம்பரை எடுத்துக்கொண்டால், முதல் இரண்டு வாரம் மட்டுமே வேலை, பிறகு தேர்வு. சம்பளம் 384 வெள்ளி. வட்டியை அனுப்பிவிட்டால் மிஞ்சும் 147 வெள்ளியில் ஒருவன் முப்பது நாள் சாப்பிட முடியாது. மாறாக, ஜூன் மாதத்தில் நான்கு வாரம் முப்பது மணி நேரம் பார்த்தாலே 1,440 வெள்ளி வந்துவிடும்.

அண்ணன் தம் தாளில் இருந்த ஒற்றைத் தொகையை அடித்துவிட்டுப் பன்னிரண்டு கட்டங்களைப் போட்டார். ஜூன், ஜூலை மாதங்களின் உபரியிலிருந்து, நவம்பர், ஏப்ரல் தேர்வுக் காலங்களுக்கான வட்டியை முன்கூட்டியே அனுப்பிவிடுவது என்று ஆயிற்று. முதல் ஆண்டின் விடுமுறை உழைப்பு அடுத்த மே மாதத்துக்குப் பிறகே வரும் என்பதால், வரப்போகும் முதல் நவம்பருக்கான வட்டியை மட்டும் தாமே கட்டிவிடுவதாகச் சொன்னார். 403 வெள்ளியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டார். மதிப்பீட்டுக் கடிதம் வருவது அடுத்த ஆண்டில்தான் என்றாலும், பணத்தை ஒதுக்க வேண்டியது செப்டம்பர் முதல் டிசம்பர் வரையான கட்டங்களில் என்றேன்.